பழைய ஷெட் கூரையில் சோலார்: மூன்று பக்க ஸ்ட்ரக்சர் ரிப்போர்ட்டை நம்பி வேலையை ஆரம்பிக்கலாமா?

கேள்வி: எங்களுடையது 12 வருஷத்துக்கு முன்னால் கட்டிய இரும்பு ஷெட். 20 மீட்டர் அகலம், ஒவ்வொரு பேயும், அதாவது ஃபிரேமுக்கு ஃபிரேம் இடைவெளியும், 6 மீட்டர், மேலே ஷீட் கூரை. சோலார் போட வந்த ஒப்பந்தக்காரர் மூன்று பக்கத்தில் ஒரு ஸ்ட்ரக்சர் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார். "கூடுதல் பளு சதுர மீட்டருக்கு 15 கிலோ மட்டுமே, கட்டமைப்பு பாதுகாப்பானது" என்று முடிகிறது. இது போதுமா? போதாதென்றால் வேறு என்ன கேட்டு வாங்கவேண்டும்?

பதில்:

போதாது. அந்த 15 கிலோவில் தப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 550 வாட் வகைப் பேனல் ஏறக்குறைய 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். எடை 28 முதல் 32 கிலோ, அதாவது சதுர மீட்டருக்கு 11 முதல் 12.5 கிலோ. ரயில், கிளாம்ப், கேபிள் எல்லாம் சேர்த்தால் 14, 15-இல் வந்து நிற்கும். ஆனால் கூரை தாங்குமா என்ற கேள்விக்கு அந்த எண் பாதி பதில்கூட இல்லை. ஷீட் கூரை பெரும்பாலும் எடையால் விழுவதில்லை, காற்று இழுத்துப் போவதால்தான் போகிறது. மூன்று பக்க ரிப்போர்ட்டில் மேல்நோக்கிய இழுப்பைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் யாரும் கணக்கே போடவில்லை என்றுதான் அர்த்தம்.

கிட்டத்தட்ட உங்கள் அளவிலேயே நான் சோதித்த ஒரு ஷெட்டை வைத்துச் சொல்கிறேன், அப்போதுதான் விஷயம் பிடிபடும். அதுவும் 20 மீட்டர் அகலம், 6 மீட்டர் பே, பத்துக்கு ஒன்று சரிவு. ஷீட்டைத் தாங்கி ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓடும் பர்லின்கள் 200 மில்லிமீட்டர் உயர இசட் வடிவம், 1.5 மீட்டர் இடைவெளியில். ஃபிரேமுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி லேப் ஆகியிருந்தன. வரைபடத்தில் பர்லின் தடிமன் 2 மில்லிமீட்டர், இரும்பின் தரம் 345 என்று இருந்தது. 345 என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அத்தனை நியூட்டன் வரை இழுத்தால்தான் இரும்பு விட்டுக்கொடுக்கும் என்ற அளவு. அங்கேயும் ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட் வாங்கி வைத்திருந்தார். அதில் பர்லின் இடைவெளி 1.35 மீட்டர் என்று இருந்தது. வேறு ஏதோ ஷெட்டுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். இடைவெளியை அளக்க டேப் ஒன்றே போதும். உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டுக்கும் இந்தச் சோதனையை நீங்களே செய்துவிடலாம்: பே அகலம், பர்லின் இடைவெளி, கூரைச் சரிவு, கூரையின் தாழ்ந்த விளிம்பான ஈவின் உயரம் ஆகிய நான்கையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று பிசகினாலும் எழுதியவர் உங்கள் ஷெட்டுக்கு வரவில்லை.

நாங்கள் முதலில் செய்தது தடிமன் அளந்ததுதான். சிசர் லிஃப்டில் ஏறி, பர்லினின் உதட்டுப் பகுதியை, அதாவது மேலும் கீழும் கிடையாக இருக்கும் ஃபிளாஞ்சின் ஓரத்தில் மடித்துவிட்ட சிறு மடிப்பை, மைக்ரோமீட்டரால் கவ்விப் பார்த்தோம். காட்டியது 1.64. துத்தநாகப் பூச்சு இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 0.04 வரும், அதைக் கழித்தால் இரும்பு 1.6. ஏதோ ஒரு பர்லின் மட்டும் மாறி வந்திருக்கலாம் என்று ஈவ் ஓரம், நடு, கூரை முகடான ரிட்ஜ் பக்கம், கடைசி பே என்று இருபது இடத்தில் அளந்தோம். எல்லா இடத்திலும் அதே 1.6 தான். வரைபடத்தில் 2, கூரையில் 1.6. கட்டும்போது எங்கோ யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் ஷெட் நின்றது, ஒன்றும் ஆகவில்லை, அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை. "இத்தனை வருஷம் நின்றதே" என்று உரிமையாளரும் சொன்னார். வடிவமைத்த வேகத்தில் அந்தப் பக்கம் காற்று இன்னும் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தடிமன் குறைந்தது போலவே தரமும் குறைந்திருக்குமோ என்ற சந்தேகம் அடுத்தது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் கொண்டுபோகும் கடினத்தன்மைக் கருவி ஒரு மதிப்பீடுதான் தரும். லேப்புக்கு அப்பால் சும்மா நீட்டிக்கொண்டிருந்த பர்லின் நுனியிலிருந்து மூன்று துண்டு வெட்டியெடுத்து ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்தோம். நல்லவேளை, 345-க்கு மேலேயே தாங்கியது. அது 250 தர இரும்பாக இருந்திருந்தால் கீழே வரும் கணக்கு முழுக்கவே கவிழ்ந்திருக்கும். ரிப்போர்ட்டில் "தரம் 345 என எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று இருந்தால், எதை வைத்து எடுத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். மில் சான்றிதழோ இழுவைச் சோதனையோ இல்லாமல் வெறும் "எடுத்துக்கொள்ளப்பட்டது" செல்லாது.

இனி கணக்கு. எண்களை வட்டப்படுத்தித் தருகிறேன், அதன் போக்கு தெரிந்தால் போதும். ஷீட், பர்லின், போல்ட் எல்லாம் சேர்ந்த கூரையின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 10 கிலோ. சோலார் 15. பராமரிப்புக்கு ஆள் ஏறுவது போன்ற தற்காலிகப் பளுவுக்கு அந்த ஷெட்டை வடிவமைத்தபோது எடுத்தது 57. மொத்தம் 82. பர்லின் இடைவெளி 1.5 மீட்டர் என்பதால் ஒரு பர்லினின் ஒவ்வொரு மீட்டருக்கும் 123 கிலோ வருகிறது. லேப் ஆகித் தொடர்ந்து ஓடும் பர்லினுக்குப் பாதுகாப்பாக எடுக்கும் பெண்டிங் மொமென்ட், அதாவது பர்லினை வளைக்கும் தாக்கத்தின் அளவு, இது:

```
M = w × L² / 10
  = 123 × 6 × 6 / 10
  = 443
```

அலகு கிலோ பெருக்கல் மீட்டர், இதைத் தூரம் சொல்லும் கிலோமீட்டர் என்று படித்துவிடாதீர்கள். 1.6 மில்லிமீட்டர் பர்லின் பாதுகாப்பு விகிதம் கழித்துத் தாங்கக்கூடியது 630. தேவை 443, திறன் 630, எழுபது சதவீதம்தான் பயன்பாடு. அந்த மூன்று பக்க ரிப்போர்ட் இந்த இடத்தோடு கையெழுத்துப் போட்டு முடிந்துவிடுகிறது. தடிமனை 2 என்று எடுத்திருந்தால் திறன் 800, இன்னும் தாராளமாகத் தெரிந்திருக்கும்.

இப்போது காற்றைப் பாருங்கள். காற்று கூரைக்கு மேலே வேகமாகப் போகும்போது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதே நேரம் ஷெட்டுக்குள் புகுந்த காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. அந்த இடத்தில், அந்த உயரத்துக்கு, காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 90 கிலோ வந்தது. அதில் வெளியே உறிஞ்சல் 0.9 பங்கு, உள்ளழுத்தம் 0.2 பங்கு, இரண்டும் கூடி 1.1. 90-ஐ அதனால் பெருக்கினால் கிட்டத்தட்ட 100 கிலோ. மேலே இழுப்பது 100, கீழே பிடித்துவைக்கும் எடை வெறும் 10. பத்து மடங்கு வித்தியாசம்.

பர்லினுக்கு இந்தத் திசையில் ஒரு பலவீனமும் உண்டு. கீழே அமுக்கும்போது பர்லினின் மேல் ஃபிளாஞ்ச் நெருக்கப்படும். அதை ஷீட் ஸ்க்ரூக்கள் அடிக்கொருதரம் பிடித்திருப்பதால் பக்கவாட்டில் நழுவாது. மேலே இழுக்கும்போது கீழ் ஃபிளாஞ்ச் நெருக்கப்படும், அதைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மெல்லிய ஸ்கேலை இரண்டு முனையிலும் நெருக்கினால் பக்கவாட்டில் வளைந்து ஓடுமே, அந்த மாதிரி கீழ் ஃபிளாஞ்ச் புரண்டுவிடும். அதனால் ஷீட்டை நேராக ஸ்க்ரூ அடித்த, தொடர்ந்து ஓடும் இசட் பர்லினுக்கு மேல்நோக்கிய திறனைக் கீழ்நோக்கியதில் 0.7 பங்காகத்தான் எடுப்பார்கள். லேப் இல்லாமல் ஃபிரேமுக்கு ஃபிரேம் துண்டாக நிற்கும் பர்லினுக்கு இன்னும் குறைவு. ஸ்க்ரூ வெளியே தெரியாத ஸ்டாண்டிங் சீம் ஷீட் என்றால் இந்த விகிதமே பொருந்தாது. அங்கே ஷீட் கிளிப்பில் வழுக்கி நகரும், பர்லினை அவ்வளவாகப் பிடிக்காது.

ஆக 630-இல் 0.7 பங்கு, 440. தேவை எவ்வளவு? எடை நமக்குச் சாதகமாக இருக்கும்போது அதை முழுதாக நம்பக்கூடாது என்பது விதி. அதனால் சொந்த எடையில் 0.6 பங்கை மட்டும் கழித்தேன். பேனல் போடுவதற்கு முன், இன்றைய நிலையில், 100-இல் 6 கழித்து 94. மொமென்ட் 508. திறன் 440. அதாவது சோலார் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, வடிவமைப்புக் காற்றில் அந்தக் கூரை பதினைந்து சதவீதம் தோற்றுக்கொண்டிருந்தது. வரைபடத்தில் இருந்த 2 மில்லிமீட்டராக இருந்திருந்தால் திறன் 560, தேறியிருக்கும்.

பேனல் போட்டபின்? 25 கிலோவில் 0.6 பங்கு 15. மிச்ச இழுப்பு 85, மொமென்ட் 459. திறன் 440. முன்னைவிடப் பரவாயில்லை! இந்த இடத்தில்தான் சில ரிப்போர்ட்டுகள் சாமர்த்தியம் காட்டுகின்றன. 0.6 பங்கை விட்டுவிட்டு எடையை முழுதாகக் கழித்தால் 75 ஆகி, மொமென்ட் 405-க்கு இறங்கி, "சோலார் எடை இழுப்பைக் குறைப்பதால் கட்டமைப்பு பாதுகாப்பானது" என்று எழுதிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பேனல் கூரை முழுக்க வராது, நடைபாதைக்கும் ஓரத்துக்கும் விட்டது போக அறுபது எழுபது சதவீதத்தில்தான் வரும். வராத இடத்துப் பர்லினுக்கு அந்த எடை உதவாது. அதனால் ரிப்போர்ட்டில் மூன்று நிலைகளும் தனித்தனியாக இருக்கவேண்டும்: இன்றைய நிலை, பேனல் உள்ள பகுதி, பேனல் இல்லாத பகுதி. இன்றைய நிலையே தோற்றால் அதை முதல் பக்கத்தில் எழுதவேண்டும். அதைச் சொல்ல எழுதுபவருக்குத் தயக்கம் இருக்கும், ஏனென்றால் அவருக்குக் காசு கொடுப்பவர் சோலார் விற்பவர். முடிந்தால் ரிப்போர்ட்டுக்கான பணத்தை நீங்களே கொடுத்து, உங்கள் பெயருக்கு வாங்குங்கள்.

ஷட்டர் விஷயத்தையும் சொல்லவேண்டும். உள்ளழுத்தம் 0.2 என்பது ஷட்டரெல்லாம் மூடியிருக்கும்போது. காற்று வரும் பக்கத்தில் பெரிய ரோலிங் ஷட்டர் திறந்து கிடந்தாலோ, பாதியில் பிய்ந்துபோனாலோ 0.5 அல்லது அதற்கும் மேல் போகும். அந்த ஷெட்டில் 0.5 வைத்துப் பார்த்தேன். இழுப்பு 100-லிருந்து 126 ஆனது. பேனல் உள்ள இடத்தில் மொமென்ட் 600-ஐத் தொட்டது, இல்லாத இடத்தில் 648. லாரி உள்ளே போய்வர எந்நேரமும் ஷட்டரைத் திறந்தே வைத்திருப்பீர்களா என்று கேட்காமல் எழுதிய ரிப்போர்ட்டில் உள்ளழுத்தம் என்ன என்று தேடிப் பாருங்கள்.

தீர்வு அவ்வளவு பெரியதல்ல. அங்கே பர்லினை மாற்றவில்லை, கூடுதல் பர்லினும் போடவில்லை. ஒவ்வொரு பேயிலும் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இரண்டு வரிசையாக, பர்லினின் கீழ் ஃபிளாஞ்சுகளை ஒன்றோடொன்று இணைத்து ஆங்கிள் போட்டோம். ஏற்கெனவே அங்கே பர்லின்களை இணைக்கும் சாக் ராடு என்ற கம்பி இருந்தது. ஆனால் ஒரே வரிசையில், பர்லினின் செங்குத்துத் தகடான வெப்பின் மேல் பகுதியில். அது ஷீட் போடும்போது பர்லின் தொய்யாமல் இருக்க உதவும், கீழ் ஃபிளாஞ்சைப் பிடிக்காது. போதாததற்கு பாதி ராடுகளில் நட்டு கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. புதிய ஆங்கிள் வரிசைகளை ரிட்ஜில் இரண்டு பக்கமும் கட்டி, ஈவில் நிலையாக நங்கூரமிட்டோம். நங்கூரம் இல்லாவிட்டால் எல்லாப் பர்லினும் சேர்ந்து ஒரே பக்கம் புரளும், வரிசை போட்டும் பயன் இல்லை. இப்படிச் செய்தபின் மேல்நோக்கிய திறன் கிட்டத்தட்ட முழு 630-க்கு ஏறியது. ஷட்டர் மூடிய நிலையில் கூரையின் நடுப்பகுதியில் எல்லா இடமும் தேறியது. திறந்த நிலையில் பேனல் உள்ள இடம் நூலிழையில் தேறியது, இல்லாத இடம் அப்போதும் தேறவில்லை. அதனால் காற்று வரும் பக்கத்து ஷட்டருக்குக் காற்றில் பிய்ந்துபோகாமல் பிடிக்கும் பூட்டு போடவேண்டும் என்பது ரிப்போர்ட்டில் நிபந்தனையாகவே ஏறியது.

பர்லின் முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொன்று வரும்: பேனலை எதில் பிடிக்கிறார்கள்? சதுர மீட்டருக்கு இத்தனை என்று சராசரி சொல்வது கணக்குக்கு வசதி. உண்மையில் பேனல் நான்கு கிளாம்பில்தான் நிற்கிறது. 2.6 சதுர மீட்டர் பேனலை 100 கிலோ வீதம் காற்று இழுத்தால் 260 கிலோ, ஒரு கிளாம்புக்கு 65. உண்மையில் இழுப்பு முழுதும் பேனலுக்கு வராது. பேனலுக்கு அடியில் காற்று புகுந்து அழுத்தம் சமமாவதால் ஷீட்டும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஓரத்துப் பேனலுக்கு மட்டும் அந்தச் சலுகையை நான் தருவதில்லை. இந்த 65 கிலோ எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. பேனல் தயாரிப்பாளர் கிளாம்ப் எங்கே வரலாம் என்று நீளச் சட்டத்தில் ஒரு எல்லை கொடுத்திருப்பார். 2.28 மீட்டர் பேனலுக்கு மேல் கிளாம்புக்கும் கீழ் கிளாம்புக்கும் நடுவில் பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மீட்டர் வரும். பர்லின் இடைவெளியோ 1.5. பேனலைச் சரிவின் நீளவாக்கில் வைத்தால் கிளாம்பும் பர்லினும் ஒரே கோட்டில் வராது. வேலையாட்கள் என்ன செய்வார்கள்? குட்டையான மினி ரயிலை ஷீட்டின் மேட்டில் வைத்து, அரை மில்லிமீட்டர் தகட்டிலேயே நான்கு ஸ்க்ரூவை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அடியில் பர்லின் இருக்காது.

மினி ரயில் முறையே தப்பு என்று சொல்லமாட்டேன், சோதித்த ஷீட்டில், சோதித்த ஸ்க்ரூவோடு அது நன்றாகவே நிற்கிறது. ஆனால் அப்போது அந்த 65 கிலோவை ஷீட் வாங்கி, ஷீட்டைப் பர்லினோடு பிடித்திருக்கும் பழைய ஸ்க்ரூக்களிடம் கொடுக்கிறது. பன்னிரண்டு வருஷ வெயிலில் அந்த ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷர் பொடிந்திருக்கும். தலையைச் சுற்றித் துரு வளையம் இருந்தால் ஓட்டை பெரிதாகியிருக்கும். ஸ்க்ரூ பிடித்திருக்கும், ஷீட் அதன் தலையை உருவிக்கொண்டு மேலே போய்விடும். அதனால் இழுத்துப் பார்க்கும் சோதனை இல்லாமல் இதை ஏற்கக்கூடாது. சின்ன ஹைட்ராலிக் இழுவைக் கருவியை மினி ரயிலில் மாட்டி இழுப்பார்கள், அரைநாள் வேலை. பத்து இடத்திலாவது, பழைய ஸ்க்ரூவையும் புதிய பிடிப்பையும் தனித்தனியாக இழுத்து, எத்தனை கிலோவில் என்ன ஆனது, பிடுங்கிக்கொண்டதா, கிழிந்ததா, வளைந்ததா என்று ரிப்போர்ட்டில் பட்டியல் வரவேண்டும். நாங்கள் அந்த ஷெட்டில் கடைசியில் நீள ரயில் போட்டு, ரயிலைத் தாங்கும் காலை நேராகப் பர்லினில் இறக்கினோம். ரயில் செலவு ஏறியது. ஒப்பந்தக்காரர் முகம் சுளித்தார்.

அதிலும் ஒரு பொறி உண்டு. செலவைக் குறைக்க ஒன்றுவிட்டு ஒரு பர்லினில் மட்டும் காலை இறக்குவார்கள். அப்போது பேனலின் எடையும் பேனல் வழியாக வரும் இழுப்பும் பாதிப் பர்லின்களிலேயே இரட்டிப்பாக ஏறும், பக்கத்துப் பர்லின் சும்மா இருக்கும். 15 கிலோ என்ற சராசரி அப்போதும் சரியாகத்தான் இருக்கும்! கணக்கு எந்தப் பர்லினில் எந்த இடத்தில் கால் வருகிறது என்ற லேஅவுட் வரைபடத்தோடு ஒட்டியிருக்கவேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். லேஅவுட் பின்னால் மாறினால் ரிப்போர்ட் காலாவதி.

மெயின் ஃபிரேமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்த எடை 10, தற்காலிகப் பளு 57 என்று 67 கிலோவுக்கு வடிவமைத்த கூரையில் 15 ஏறுவது இருபது சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல். சில ஷெட்டில் ஃபிரேமின் சாய்ந்த மேல் உத்தரமான ராஃப்டரில் அதைத் தாங்க இடம் இருக்கும், சிலதில் இருக்காது. கம்ப்யூட்டர் மாடலில் ஓட்டித்தான் பார்க்கவேண்டும். மாடலில் ஏற்றவேண்டியது வரைபடத்தில் உள்ளதை அல்ல, இன்று தொங்குவதை. பன்னிரண்டு வருஷத்தில் கேபிள் டிரே, ஏர் டக்ட், ஸ்ப்ரிங்க்ளர் குழாய் என்று எத்தனையோ அந்த ராஃப்டரில் ஏறியிருக்கும். கூரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது இன்னொன்றையும் தேடுங்கள். பர்லினிலிருந்து ராஃப்டரின் கீழ் ஃபிளாஞ்சுக்குச் சாய்வாக இறங்கும் சிறு ஆங்கிள், ஃப்ளை பிரேஸ் என்பார்கள். ராஃப்டர் புரளாமல் பிடிப்பது அதுதான். டக்ட் போட வந்தவர்களுக்கு அது எப்போதும் இடைஞ்சல், கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொன்ன ஷெட்டில் ஒன்பது இடத்தில் காலி போல்ட் ஓட்டை மட்டும் இருந்தது. மாடல் அவை இருப்பதாக நினைத்துக்கொண்டு ராஃப்டரைத் தேற வைத்திருக்கும்.

கூரை ஓரமும் மூலையும் தனி. அங்கே உறிஞ்சல் நடுவைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு போகும். ஓர வளையத்தின் அகலம் விதிநூலுக்கு விதிநூல் மாறும். ஷெட்டின் குறுகிய அகலத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் உங்களுக்கு 2 மீட்டர். அந்த வளையத்தில் பேனல் போடாமலிருப்பது நல்லது. ஆனால் பேனல் இல்லாவிட்டாலும் பர்லினையும் ஷீட்டையும் காற்று அங்கே இழுக்கத்தான் செய்யும். கணக்கில் அந்த வளையமே இல்லாமல், கூரை முழுக்க ஒரே எண் போட்டிருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பேனல் மூடும் பரப்பில் ஆள் நிற்க முடியாதே, அந்த 57 கிலோவை அங்கே கழித்துவிடலாமா என்று கேட்பார்கள். பேனலுக்கும் ஷீட்டுக்கும் இடையே இடைவெளி குறைவாக இருந்தால் சில விதிநூல்கள் அனுமதிக்கின்றன. அமெரிக்க விதியில் அந்த எல்லை சுமார் 60 சென்டிமீட்டர். உங்கள் இடத்து விதி அனுமதித்தால், கழித்ததாக வெளிப்படையாக எழுதியிருந்தால் சரி. சொல்லாமல் கழித்திருந்தால் சரியில்லை. எப்படியும் வேலை நடக்கும் நாட்களில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு பேலட்டில் 31 பேனல், கிட்டத்தட்ட 900 கிலோ. கிரேனில் தூக்கி அப்படியே கூரையில் இறக்கினால், இரண்டரைச் சதுர மீட்டரில் சதுர மீட்டருக்கு 340 கிலோவுக்கு மேல் உட்காரும். பேனல் மாட்டி முடித்தபின் ஒரு நாளும் வராத பளு அது. ஒரே இடத்தில் எத்தனை பேனல் அடுக்கலாம், எந்தக் கோட்டில் அடுக்கலாம் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வரவேண்டும். நான் வழக்கமாக ராஃப்டருக்கு மேலே, நான்கைந்துக்கு மிகாமல் என்று எழுதுவேன்.

ஷீட்டின் ஆயுளையும் ஸ்ட்ரக்சர் ரிப்போர்ட்டில்தான் எழுதவேண்டும், யாரும் எழுதுவதில்லை. பேனல் 25 வருஷம் இருக்கும். உங்கள் ஷீட்டுக்கு ஏற்கெனவே பன்னிரண்டு ஆகிவிட்டது. அமிலப் புகையோ உப்புக் காற்றோ இருந்தால் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்? நடுவில் ஷீட் மாற்ற நேர்ந்தால் பேனல் எல்லாவற்றையும் இறக்கி ஏற்றவேண்டும். கல்நார் சிமென்ட் ஷீட்டாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். அதில் ஏறுவதே ஆபத்து, பிடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. முதலில் கூரையை மாற்றுங்கள்.

ஒப்பந்தக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: அளந்த தடிமன், அளந்த இடங்களின் போட்டோவோடு, தரத்துக்கு ஆதாரம், எந்தக் காற்று வேகம், எந்த உள்ளழுத்தம், ஓர வளையம் எங்கே, பர்லினுக்கும் ராஃப்டருக்கும் ஃபிரேமின் அடி போல்ட்டுக்கும் கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் தனித்தனிப் பயன்பாட்டு சதவீதம், பேனலுக்கு முன்னும் பின்னும், பிடிப்பின் இழுவைச் சோதனை, கால் வரும் இடங்களோடு லேஅவுட், செய்யவேண்டிய பலப்படுத்தல், அதை முடித்தபின் மறுபடி வந்து பார்த்ததற்கான கையெழுத்து. கையெழுத்திடும் பொறியாளர் ஸ்ட்ரக்சரல் பொறியாளராக, அதற்கான பதிவோடு இருக்கவேண்டும். இதையெல்லாம் எழுதினால் முப்பது நாற்பது பக்கம் வரும். "இவ்வளவெல்லாம் எதற்கு, வெறும் 15 கிலோதானே" என்று அவர் சொன்னால், மேல்நோக்கிய இழுப்பு எத்தனை கிலோ என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.